ஒரு விற்பனை ஈஆர்பிக்குள் எந்த வழியாகப் போகிறது? மாட்யூல் படம் புரிகிறது, பயணம் புரியவில்லை

முதலடி · ஜூலை 3, காலை 9.50

ஒரு நிறுவனத்தில், எல்லாத் துறை வேலையையும் ஒரே மென்பொருளில் நடத்தும் ஈஆர்பியான எஸ்ஏபியின் சப்போர்ட் குழுவில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பயிற்சியில் ஒரு படம் காட்டினார்கள். நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் விற்பனை, கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, கணக்கு, மனிதவளம் என்று ஆறு பெட்டிகள், எல்லாவற்றுக்கும் நடுவே அம்புக்குறிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நாள் பாடம் எடுத்தார்கள், தனித்தனியாகக் கேட்டபோது புரிந்தது. ஆனால் ஒரு வாடிக்கையாளர் "40 நாற்காலி வேண்டும்" என்று சொன்னதிலிருந்து பணம் வங்கிக்கு வரும்வரை எந்தப் பெட்டியில் எப்போது என்ன நடக்கிறது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை. யாராவது ஒரே ஒரு விற்பனையை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை சொல்வீர்களா? எண்களோடு சொன்னால் நல்லது.

ஆணைத்தடம் · ஜூலை 3, காலை 11.20

பதினைந்து வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். அந்தப் படத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். மாட்யூல்களைப் பெட்டிகளாகப் பார்த்தால் விற்பனை ஒரு பெட்டியை முடித்துவிட்டு அடுத்த பெட்டிக்குக் குதிப்பது போலத் தோன்றும். உண்மையில் நடப்பது, ஒரு ஆவணத்திலிருந்து அடுத்த ஆவணம் பிறக்கிறது. ஆர்டரிலிருந்து டெலிவரி, டெலிவரியிலிருந்து இன்வாய்ஸ், இன்வாய்ஸை அடைக்கப் பண வரவு. ஒவ்வொன்றுக்கும் தன் தாய் ஆவணம் எது என்று தெரியும். எந்த ஆவணத்தை எந்தத் துறை போடுகிறது என்பதற்காக வைத்த பெயர்தான் மாட்யூல்.

உங்கள் 40 நாற்காலியையே எடுத்துக்கொள்வோம். விலை 1,000, அடக்கவிலை 600, வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் 30 இருக்கிறது, அதில் 5 ஏற்கெனவே வேறொருவருக்கு ஒதுக்கியது.

விற்பனைக்காரர் VA01 என்ற ஆர்டர் திரைக்குப் போய் 40 என்று அடித்தவுடன் மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. விலை எங்கே? பொருளுக்கும் வாடிக்கையாளருக்கும் முன்பே பதிந்து வைத்த விலைப் பதிவிலிருந்து வருகிறது. கையில் இருக்கிறதா? 25 கொடுக்கலாம், 15 குறைகிறது. இந்த ஆளுக்குக் கடன் கொடுக்கலாமா? அவருடைய கடன் வரம்பைப் பார்க்கிறது. மூன்றும் முடிந்து சேவ் செய்தால் ஆர்டர் எண் கிடைக்கும். இதுவரை கணக்குப் பேரேட்டில் ஒரு வரிகூட விழவில்லை. எத்தனை பெரிய ஆர்டராக இருந்தாலும் அது வெறும் வாக்குறுதிதான்.

மீதியை மதியம் எழுதுகிறேன், மீட்டிங் இருக்கிறது.

களப்பணி · ஜூலை 3, பகல் 12.05

சேல்ஸில் இருக்கிறேன். ஆர்டர் போட்டவுடன் எதுவும் நடக்கவில்லை என்று சொல்வது சரியில்லை. நான் ஆர்டர் போட்ட அடுத்த நிமிடமே ஸ்டாக் குறைந்துவிடும், அடுத்தவர் அதே பொருளைக் கேட்டால் இல்லை என்று காட்டும். என் டாஷ்போர்டில் மாத விற்பனையும் ஏறிவிடும். தினமும் பார்ப்பதைத்தான் சொல்கிறேன்.

கிடங்குசாவி · ஜூலை 3, பகல் 12.40

களப்பணி, நீங்கள் பார்ப்பது வேறு எண். உங்கள் திரையில் குறைவது இன்னும் விற்கக் கிடைக்கும் அளவு. என் கிடங்கில் ரேக்கில் இருக்கும் 30 நாற்காலி ஆர்டர் போட்ட பிறகும் 30 தான். நான் எண்ணினாலும் 30, சிஸ்டத்தில் கையிருப்பு என்ற வரியில் பார்த்தாலும் 30. அதில் 5 அவருக்கு, 25 இவருக்கு என்று பெயர் மட்டும் எழுதியாகிவிட்டது. புதிதாக யாருக்கும் கொடுக்க மீதி இல்லை, அதனால்தான் அடுத்தவருக்கு இல்லை என்று வருகிறது.

இந்த இரண்டு எண்ணையும் ஒன்றென்று நினைத்துச் சண்டைக்கு வருகிறவர்கள் எங்கள் கிடங்கு வாசலில் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. "சிஸ்டத்தில் சைபர் காட்டுகிறது, இங்கே இத்தனை அடுக்கி வைத்திருக்கிறீர்களே" என்பார்கள்.

ஆணைத்தடம் · ஜூலை 3, மதியம் 2.30

கிடங்குசாவி சொன்னதுதான் சரி. களப்பணி சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது, விற்கக் கிடைப்பது நிஜமாகவே 25-லிருந்து 0 ஆகிறது. டாஷ்போர்டில் ஏறுவது பதிவான ஆர்டர்களின் மதிப்பு. கணக்கில் இருக்கும் வருமானத்தோடு அதை ஒப்பிட்டால் ஒரு மாதமும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் கூடாது.

சரி, குறைந்த 15. இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இது தனியாக ஒரு இழைக்கே போதுமான விஷயம். இரவில் எம்ஆர்பி ஓடும், எது எவ்வளவு குறைகிறது, எதைச் செய்ய வேண்டும், எதை வாங்க வேண்டும் என்று கணக்குப் போடுவது அது. 15 நாற்காலி தேவை, கையில் இல்லை, இது நாம் செய்யும் பொருள், அப்படியானால் உற்பத்திக்கு ஒரு திட்ட ஆர்டர். நாற்காலியின் பிஓஎம்மை, அதாவது அதன் பாகங்களின் பட்டியலைப் பிரித்தால் ஒரு சட்டம், ஒரு மெத்தை, எட்டுத் திருகு. சட்டமும் திருகும் இருக்கின்றன, மெத்தை இல்லை. அதனால் 15 மெத்தைக்குக் கொள்முதல் கோரிக்கை. மெத்தை வர 6 நாள், செய்ய 2 நாள் என்று பொருளின் நிலையான விவரங்களை வைத்திருக்கும் மாஸ்டரில் இருந்தால் எட்டாவது நாளில் கொடுக்கலாம் என்று வாடிக்கையாளருக்குத் தேதி போகும்.

அந்த 6 என்ற எண்ணை எப்போதோ ஒருவர் அடித்தார். சப்ளையர் இப்போது 10 நாள் எடுக்கிறார், யாரும் மாற்றவில்லை. அப்போது விற்பனை, உற்பத்தி, கொள்முதல் மூன்று துறையும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தும் நாற்காலி நான்கு நாள் தாமதமாகத்தான் போகும். ஒவ்வொரு ஆர்டரும் ஒரே அளவு தாமதமாகிறது என்று தெரிந்தால் முதலில் இந்த இடத்தைத் திறந்து பாருங்கள்.

முதலடி · ஜூலை 3, மாலை 4.15

ஆக ஒரு ஆர்டரால் விற்பனை, கிடங்கு, உற்பத்தி, கொள்முதல் எல்லாமே தொடப்பட்டுவிட்டன, ஆனாலும் விற்பனைக் கணக்கில் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் முதல் கணக்குப் பதிவு எங்கே விழுகிறது? இன்வாய்ஸ் போடும்போதா?

ஆணைத்தடம் · ஜூலை 3, மாலை 5.40

அதற்கு முன்பே. இன்வாய்ஸ்தான் முதல் பதிவு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

இருக்கும் 25-ஐ முதலில் அனுப்புகிறார்கள். VL01N-இல் டெலிவரி ஆவணம் உருவாகிறது. அதை வைத்துக் கிடங்கில் பொருளை எடுக்கிறார்கள், கட்டுகிறார்கள். இதுவரை எதுவும் பதிவாகவில்லை. பிறகு VL02N-இல் `Post Goods Issue` என்று ஒரு பொத்தான். அதை அழுத்தும் நொடியில் இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கின்றன. கையிருப்பு 30-லிருந்து 5 ஆகிறது. பேரேட்டில் விற்ற பொருளின் அடக்கம் 15,000 பற்று, சரக்கு 15,000 வரவு என்று ஒரு பதிவு விழுகிறது. கிடங்கில் நிற்கிறவர் கணக்குத் திரையைப் பார்த்ததே இல்லை, ஆனால் கணக்குப் பதிவைப் போட்டது அவர்தான்.

அதற்குப் பிறகுதான் VF01. 25 நாற்காலிக்கு இன்வாய்ஸ். வாடிக்கையாளர் கணக்கில் 27,500 பற்று, விற்பனை 25,000 வரவு, வரி 2,500 வரவு. பணம் வந்தால் வங்கி பற்று, வாடிக்கையாளர் வரவு. அவ்வளவுதான், மூன்று இடம்: பொருள் வெளியே போனபோது, பில் போட்டபோது, பணம் வந்தபோது.

இந்த மூன்றையும் மூன்று துறைகள் மூன்று வேறு நேரங்களில் செய்கின்றன. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் பிறந்தன.

ஆணைத்தடம் · ஜூலை 3, மாலை 5.55

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஆர்டர் நிலையில் பேரேட்டில் எதுவுமே விழாது என்று காலையில் அடித்துச் சொல்லிவிட்டேன். வாடிக்கையாளர் முன்பணம் கொடுத்தால் அந்தப் பணத்துக்குப் பதிவு உண்டு. ஆனால் அது வருமானத்தில் சேராது. பொருள் கொடுக்கும்வரை அது நாம் அவருக்குத் தர வேண்டிய பாக்கியாக நிற்கும். பிறகு இன்வாய்ஸ் வந்ததும் அதில் கழியும்.

சம்பளநாள் · ஜூலை 3, இரவு 9.10

இந்த இழையில் மனிதவளப் பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் நிறுவனத்தில் விடுப்பு மாட்யூலும் சம்பள மாட்யூலும் சரியாக இணையவில்லை, மூன்று மாதமாக விடுப்பு இருப்பு தவறாக வருகிறது. இதுவும் இதே மாதிரி ஆவணச் சங்கிலிப் பிரச்சினைதானா?

ஆணைத்தடம் · ஜூலை 3, இரவு 9.45

இல்லை, உங்களுடையது வேறு, தனி இழை போடுங்கள், தெரிந்தவர்கள் வருவார்கள். ஒரு விற்பனைப் பயணத்தில் மனிதவளம் நேரடியாக வராது. ஒரு இடத்தில் தொடும், அது விற்பனைக் கமிஷன்.

சம்பளநாள் · ஜூலை 3, இரவு 10.20

கமிஷன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முன்பு நான் இருந்த இடத்தில் கமிஷனை ஆர்டர் மதிப்பில் கணக்குப் போட்டுச் சம்பளத்தோடு கொடுத்துவிடுவார்கள். ஒருவர் மாதக் கடைசியில் பெரிய பெரிய ஆர்டராகப் போடுவார், அடுத்த மாதம் பாதி ரத்தாகும். சம்பளத்தில் போனது போனதுதான். யார் சொல்லியும் மாற்றவில்லை. கடைசியில் பணம் வசூலான இன்வாய்ஸை வைத்துக் கணக்கிட ஆரம்பித்தார்கள், அதன் பிறகுதான் மாதக் கடைசி ஆர்டர்கள் குறைந்தன. அப்போது அது ஏன் வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது இந்த இழையைப் படித்தபோது புரிகிறது, ஆர்டர் வெறும் வாக்குறுதி.

களப்பணி · ஜூலை 4, காலை 8.30

வசூலான பிறகு கமிஷன் என்றால் எங்களுக்கு மூன்று மாதம் தள்ளிப் போகும். வாடிக்கையாளர் தாமதமாகக் கொடுத்தால் அதில் எங்கள் தவறு என்ன? இன்வாய்ஸில் கொடுக்கலாம், திரும்பி வந்தால் கழித்துக்கொள்ளலாம். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கையிருப்பு, கிடைக்கும் அளவு வித்தியாசம் புரிந்தது. இத்தனை வருடம் இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தேன்.

கிடங்குசாவி · ஜூலை 4, காலை 9.15

அந்த `Post Goods Issue` பொத்தானைப் பற்றி என் அனுபவம் ஒன்று.

ஒரு மாலை லாரி வந்துவிட்டது, நெட்வொர்க் படுத்துவிட்டது. கையால் எழுதிய சீட்டைக் கொடுத்து 60 பெட்டியை ஏற்றி அனுப்பிவிட்டோம், காலையில் பதிவு போட்டுக்கொள்ளலாம் என்று. காலையில் ஷிஃப்ட் மாறியது, அடுத்தவருக்கு யாரும் சொல்லவில்லை. டெலிவரி ஆவணம் கட்டி முடித்த நிலையிலேயே கிடந்தது. சிஸ்டத்தில் அந்த 60 பெட்டி இன்னும் ரேக்கில் இருக்கிறது. வாடிக்கையாளரின் கையில் பொருள் இருக்கிறது, பில் வரவில்லை. பதிவு விழாத டெலிவரிக்கு இன்வாய்ஸ் போட முடியாதே. அவர் ஏன் கேட்கப் போகிறார்? பதினொரு நாள் கழித்து அந்த ரேக்கைச் சுழற்சி முறையில் எண்ணும்போதுதான் 60 குறைகிறது என்று தெரிந்தது. முதலில் திருட்டு என்று நினைத்தார்கள். ஷிஃப்டில் இருந்த எல்லோரையும் உட்கார வைத்து விசாரித்தார்கள். அந்தப் பதினொரு நாளும், குறிப்பாக அந்த விசாரணையும், எனக்கு மறக்காது.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஷிஃப்ட் முடியும் முன் VL06O திறந்து, எடுத்து முடித்தும் வெளியேற்றப் பதிவு விழாத டெலிவரிகளைப் பார்ப்பேன். அதில் வரும் ஒவ்வொரு வரிக்கும் பொருள் என் கண் முன்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக மாட்டேன்.

பேரேடு · ஜூலை 4, காலை 11.00

கணக்குப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கிடங்குசாவி சொன்னதற்கு நேர் எதிரானதும் உண்டு, அது எங்களுக்கு இன்னும் பெரிய தலைவலி. வெளியேற்றப் பதிவு ஒழுங்காக விழுந்திருக்கும், இன்வாய்ஸ் விழுந்திருக்காது.

ஆணைத்தடத்தின் 25 நாற்காலியையே பாருங்கள். ஜூன் 30 மாலை பொருள் போனது, பதிவு விழுந்தது. பில் போடுகிறவர் கிளம்பிவிட்டார், ஜூலை 2-இல் இன்வாய்ஸ். ஜூன் கணக்கில் 15,000 அடக்கம் இருக்கிறது, வருமானம் இல்லை. ஜூலையில் 25,000 வருமானம் இருக்கிறது, அடக்கம் இல்லை. இந்த விற்பனையின் லாபம் 10,000. கணக்குப்படி ஜூனில் 15,000 நஷ்டம், ஜூலையில் 25,000 லாபம். இப்படி ஒரு நூறு டெலிவரி மாதக் கடைசியில் நின்றால் இரண்டு மாதமும் பொய் சொல்லும். மேலாளர் ஜூனில் லாபம் ஏன் விழுந்தது என்று கேட்பார், எல்லோரும் விலையையும் தள்ளுபடியையும் அலசிக்கொண்டிருப்பார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி, மாத மூடலுக்கு முன் VF04-ஐத் திறப்பது. பில் போட வேண்டியவை வரிசையாக வரும். முடிந்தவரை பில் போட்டுவிடுவோம். முடியாததற்கு 25,000-ஐ இன்னும் பில் போடாத வருமானம் என்று ஜூனில் பதிந்து ஜூலை முதல் தேதி திருப்பிவிடுவோம்.

முதலடி · ஜூலை 4, மதியம் 1.20

இது எனக்குப் புதிது. ஆனால் ஒரு சந்தேகம். பில் போடாமலே வருமானம் என்று பதியலாமா? பில்தானே விற்பனைக்கு ஆதாரம்?

பேரேடு · ஜூலை 4, மதியம் 2.10

ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்குத் தரநிலை 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வருமானம் என்பது பொருளின் மீதான கட்டுப்பாடு வாடிக்கையாளருக்கு மாறும்போது வருவது. பில் போட்ட தேதி அதைத் தீர்மானிப்பதில்லை. அதனால் ஜூனில் பதிவதுதான் சரி.

ஆணைத்தடம் · ஜூலை 4, மாலை 3.30

பேரேடு, கொள்கையில் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இந்த எடுத்துக்காட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜூன் 30 மாலை லாரி கிளம்பியது. வாடிக்கையாளர் இடத்தில் இறக்கிய பிறகுதான் பொருள் அவருடையது என்று ஒப்பந்தம் இருந்தால், இறக்கியது ஜூலை 2. அப்போது ஜூனில் வருமானமும் இல்லை, அடக்கமும் இல்லை. அந்த 25 நாற்காலி இன்னும் நம் சரக்குதான், லாரியில் இருக்கும் சரக்கு. ஆனால் கிடங்கில் அழுத்திய பொத்தான் 15,000-ஐச் சரக்கிலிருந்து ஏற்கெனவே எடுத்துவிட்டது.

பேரேடு · ஜூலை 4, மாலை 4.05

அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு டெலிவரிக்கும் இறக்கிய தேதி வேண்டும். எங்களிடம் இறக்கியதற்கான ரசீது நான்கு நாள் கழித்து வரும். மாத மூடல் மூன்றாம் நாள்.

ஆணைத்தடம் · ஜூலை 4, மாலை 4.25

அதனால்தான் சில இடங்களில் பொருள் வெளியேறும்போது அடக்கத்தை நேராகச் செலவில் போடாமல் ஒரு இடைக்கணக்கில் நிறுத்திவைத்து, இன்வாய்ஸோடு சேர்த்துச் செலவுக்கு மாற்றுகிறார்கள். வருமானமும் அடக்கமும் ஒரே மாதத்தில் விழும். இடைக்கணக்கில் மாதக் கடைசியில் நிற்கும் தொகைதான் வழியில் இருப்பது அல்லது பில் போடாதது.

நேற்று நான் எழுதியதையும் இதோடு திருத்திக்கொள்கிறேன். வெளியேற்றத்தில் அடக்கம் விழும் என்பது எல்லா மென்பொருளுக்கும், எல்லா அமைப்புக்கும் பொருந்தாது. சரக்கை மாதக் கடைசியில் மட்டும் மதிப்பிடும் இடங்களில் வெளியேற்றத்தில் எண்ணிக்கை மட்டும்தான் குறையும், பணப் பதிவே இருக்காது. முதலடி, உங்கள் நிறுவனத்தில் எப்படி என்று கணக்குக் குழுவிடம் கேட்டுப் பாருங்கள்.

பேரேடு · ஜூலை 4, மாலை 5.00

இடைக்கணக்கு வைத்த ஒரு இடத்தை நான் பார்த்திருக்கிறேன், இரண்டு வருடமாக யாரும் அதைச் சமன் செய்யவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மாத மூடலில் கையால் பதிந்து திருப்புவதுதான் பிடிக்கும், குறைந்தபட்சம் ஒவ்வொரு மாதமும் ஒருவர் பட்டியலைப் படிக்கிறார். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

தனிக்கணக்கு · ஜூலை 4, இரவு 8.40

எங்களிடம் எஸ்ஏபி இல்லை, ஈஆர்பிநெக்ஸ்ட் வைத்திருக்கிறோம், ஏழு பேர்தான். எங்களுக்கு டெலிவரி, இன்வாய்ஸ் என்று தனித்தனியாக எதுவும் கிடையாது, இன்வாய்ஸ் போட்டாலே ஸ்டாக் குறைந்துவிடும். நீங்கள் சொல்லும் இடைவெளி எங்களுக்கு வராது. அப்படியிருந்தும் போன வருடம் சில பொருள்களுக்கு ஸ்டாக் மைனஸில் போனது, காரணம் தெரியவில்லை.

ஆணைத்தடம் · ஜூலை 4, இரவு 9.30

ஈஆர்பிநெக்ஸ்ட்டில் சேல்ஸ் இன்வாய்ஸில் `Update Stock` என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் இன்வாய்ஸே பொருளையும் வெளியேற்றும். கையோடு பொருளைக் கொடுத்துப் பில் போடும் இடத்துக்கு அது சரியான வழி. உங்களில் யாராவது சில நாள் டெலிவரி நோட்டும் தனியாகப் போட்டிருக்கிறாரா பாருங்கள். டெலிவரி நோட்டிலிருந்து இன்வாய்ஸை உருவாக்கியிருந்தால் இரண்டாவது முறை குறைக்க விடாது. தொடர்பில்லாமல் புதிதாக இன்வாய்ஸ் அடித்து அந்த டிக்கையும் போட்டிருந்தால் ஒரே பொருள் இரண்டு முறை குறையும். மைனஸ் போன ஒரு பொருளை மட்டும் எடுத்து அதன் ஸ்டாக் லெட்ஜரைத் தேதிவாரியாகப் படியுங்கள். ஒரே வாடிக்கையாளர், ஒரே எண்ணிக்கை, பக்கத்துப் பக்கத்து நாள் என்று ஜோடியாக வந்தால் அதுதான்.

தனிக்கணக்கு · ஜூலை 5, காலை 7.50

ஜோடி இருக்கிறது. பதினான்கு. புதிதாக வந்த பையன் டெலிவரி நோட் போட்டிருக்கிறான், அவன் பழைய வேலையில் அப்படித்தான் வழக்கமாம். மூன்று பொருளுக்கு ஜோடி இல்லாமலும் மைனஸ் இருக்கிறது, அது ஏன் என்று தெரியவில்லை.

களப்பணி · ஜூலை 5, காலை 10.15

கடன் வரம்பைப் பற்றி ஆணைத்தடம் ஒரு வரி மட்டும் சொன்னார். எனக்கு வாரம் ஒரு ஆர்டர் அதில் மாட்டுகிறது. வாடிக்கையாளர் "நான் பணம் போட்டு இரண்டு நாள் ஆகிறது" என்று ரசீதே காட்டுகிறார், சிஸ்டம் தடுக்கிறது. ஏன்?

ஆணைத்தடம் · ஜூலை 5, காலை 11.30

நம் வாடிக்கையாளரின் வரம்பு 60,000, பழைய பாக்கி 20,000 என்று வைப்போம். புது ஆர்டர் வரியோடு 44,000. கூட்டினால் 64,000, ஆர்டர் தடைபடும்.

சிஸ்டம் பழைய பில்களை மட்டும் கூட்டுவதில்லை. இன்னும் அனுப்பாத ஆர்டர், அனுப்பிப் பில் போடாதது, பில் போட்டுப் பணம் வராதது, மூன்றையும் கூட்டுகிறது. 25-ஐ அனுப்பியதும் அந்த 44,000 இப்படிப் பிரியும்: திறந்த ஆர்டரில் 16,500, பில் போடாத டெலிவரியில் 27,500. பில் போட்டதும் 27,500 பாக்கிப் பக்கத்துக்கு நகரும். மொத்தம் 44,000-லிருந்து அசையாது. பணம் வந்து வாடிக்கையாளர் கணக்கில் சேர்ந்தால்தான் குறையும்.

உங்கள் சிக்கல் அந்த "சேர்ந்தால்" என்ற இடத்தில் இருக்கிறது. பணம் வங்கிக்கு வந்துவிட்டது. ஆனால் அனுப்பியவர் இன்வாய்ஸ் எண் போடவில்லை, அல்லது அவருடைய வேறொரு நிறுவனத்தின் பெயரில் வந்தது. யாருடைய பணம் என்று தெரியாமல் வங்கிப் பதிவில் ஒரு தற்காலிகக் கணக்கில் நிற்கிறது. கடன் சோதனைக்கு அந்தக் கணக்கு கண்ணில் படாது. அடுத்த முறை தடை நீக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன் பணம் வந்த தேதி, தொகை, அனுப்பியவர் பெயர் மூன்றையும் வரவு பார்க்கும் ஆளிடம் கொடுங்கள். அவர் 20,000-ஐச் சேர்த்தவுடன் மொத்தம் 44,000 ஆகும். ஆர்டரை மறுபடி சோதித்தால் தடை போய்விடும்.

பேரேடு · ஜூலை 5, பகல் 12.20

அதோடு ஒன்று. பொருள் திரும்பி வந்தாலும் இதே மாதிரி ஒரு இடைவெளி உண்டு. 25-இல் 2 நாற்காலி உடைந்து திரும்பியது என்று வையுங்கள். வாடிக்கையாளர் 27,500-க்குப் பதில் 25,300 அனுப்பிவிடுவார், அவரைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. எங்களிடம் 2,200 பாக்கி நிற்கும், வசூல் ஆள் அவரைத் தொந்தரவு செய்வார். கிடங்கில் திரும்பி வந்ததைப் பதிந்து, விற்பனையில் ஒப்புதல் கொடுத்து, கிரெடிட் நோட் போட்ட பிறகுதான் அந்த 2,200 அடையும். அந்த இரண்டு நாற்காலியும் உடனே விற்கும் சரக்கில் சேரக் கூடாது, சோதனை நிலையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் களப்பணி அடுத்த வாரமே அவற்றை வேறொருவருக்கு விற்றுவிடுவார்.

முதலடி · ஜூலை 7, காலை 10.40

சனி ஞாயிறு முழுக்க இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்று காலை சிஸ்டத்தில் ஒரு பழைய ஆர்டரை எடுத்து `Document Flow` திறந்தேன். பயிற்சியில் அந்தப் பொத்தானைக் காட்டவே இல்லை.

தற்செயலாக இதுவும் இரண்டு டெலிவரி உள்ள ஆர்டர். முதல் டெலிவரிக்குக் கீழே `GD goods issue:delvy`, அதற்கும் கீழே இன்வாய்ஸ், அதற்கும் கீழே `Accounting document`, நிலை `Cleared`. ஒரு குடும்ப மரம் மாதிரி இருந்தது, நீங்கள் சொன்ன தாய் ஆவணம் இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது டெலிவரிக்குக் கீழே எடுத்து முடித்ததற்கான வரி மட்டும் இருக்கிறது, வேறு ஒன்றுமே இல்லை. தேதி ஜூன் 19.

கிடங்குசாவி · ஜூலை 7, காலை 10.52

இது பரிசோதனை சிஸ்டமா, நிஜமா?

முதலடி · ஜூலை 7, காலை 10.58

நிஜம். பார்க்க மட்டும் அனுமதி இருக்கிறது.

கிடங்குசாவி · ஜூலை 7, காலை 11.03

பதிவு எதையும் யாரையும் போடச் சொல்லாதீர்கள், முதலில் கிடங்குக்கு போன் செய்து அந்தப் பொருள் ரேக்கில் இருக்கிறதா என்று ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் தாமதம், வேறு ஒன்றுமில்லை. இல்லை என்றால் எங்கள் 60 பெட்டிக் கதைதான். அப்போது ஜூன் 19 அன்று வெளியே போன வாகனத்தின் கேட் பதிவேட்டைத் தேடுங்கள்.

பேரேடு · ஜூலை 7, காலை 11.20

ரேக்கில் இல்லை என்று வந்தால் எந்தத் தேதியில் பதிவது என்று கணக்குக் குழுவைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். ஜூன் மூடியிருப்பார்கள்.

முதலடி · ஜூலை 7, மாலை 4.35

ஆள் போய்ப் பார்த்தார். ரேக் காலி. கேட் பதிவேட்டில் ஜூன் 19 மாலை 6.10-க்கு ஒரு வண்டி இருக்கிறது, சரக்கு விவரம் எழுதும் இடத்தில் டெலிவரி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும். பொருந்துகிறது. என் மேலாளரும் கணக்குக் குழுவில் ஒருவரும் இப்போது என் மேசைக்குப் பக்கத்தில் நின்று தேதியைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.